வீட்டில் வாசகர் வட்டம்: முதல் கூட்டத்துக்கு ஒரு சிறுகதை போதும்

வீட்டில் வாசகர் வட்டம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த நாவலை எடுக்கலாம்?" என்றுதான். முதல் கூட்டத்துக்கு நாவலே வேண்டாம் என்பது என் கருத்து. முந்நூறு பக்க நாவலை எடுத்தால் வருகிற ஆறு பேரில் இரண்டு பேர் முடித்திருப்பார்கள், இரண்டு பேர் பாதியில் நிற்பார்கள், மீதி இரண்டு பேர் பின்னட்டையைப் படித்துவிட்டு வருவார்கள். முடித்தவர்கள் முடிவைச் சொல்லத் தயங்குவார்கள், முடிக்காதவர்கள் வாயைத் திறக்கவே தயங்குவார்கள். அப்புறம் பேச்சு மெல்ல மெட்ரோ வேலைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடும். ஒரே ஒரு சிறுகதை என்றால் எல்லாரும் வாசித்து வருவார்கள். வாசிக்காமல் வந்தவரைக்கூட அங்கேயே உட்கார்ந்து வாசிக்க வைத்துவிடலாம்.

முதல் கூட்டத்துக்கு நான் சிபாரிசு செய்யும் கதை, புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. இதைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணங்களைச் சொன்னால், நீங்கள் வேறு கதையை எடுக்க நினைத்தாலும் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது பிடிபடும்.

ஏன் இந்தக் கதை

முதல் காரணம் நீளம். ஒரு மணி நேரத்துக்குள் நிதானமாக வாசித்துவிடலாம். ஆனாலும் சின்னத் துணுக்கு இல்லை. தெரு, ஓட்டல், வீடு, ஒரு பெரிய மனிதரின் முன்னிலை என்று இடம் மாறி மாறிப் போகும் கதை. ஒரே காட்சியில் முடிகிற கதையை எடுத்தால் அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கதை நம் ஊரில் நடக்கிறது. 1940களின் சென்னை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலையில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டு, கையில் இருக்கும் சில்லறையில் டிராமில் போய் வெற்றிலை போடுவதா, பஸ்ஸில் போய்க் காபி குடிப்பதா என்று யோசிப்பதில் தொடங்குகிறது. அங்கே ஒரு பெரியவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவர்தான் கடவுள். இன்று பிரகாசம் சாலை என்று பெயர்ப்பலகை இருந்தாலும் பிராட்வே என்றே சொல்கிற ஊர் நம்முடையது. அந்த மூலையில் பஸ்ஸுக்கு நின்றிருக்கும் ஆட்கள் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். பேச்சு தொடங்க அது பெரிய உதவி.

மூன்றாவது, கருத்து பிளக்கும் கதை. பிள்ளை நல்லவரா, சாமர்த்தியசாலியா, கடவுள் பாவமா, பொறுப்பற்றவரா என்பதில் ஆறு பேருக்கும் ஒரே பதில் வராது. எல்லாரும் தலையாட்டும் கதையில் கூட்டம் நடத்துவது கஷ்டம். அதே சமயம், யாரையும் உலுக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற கனமும் இல்லை. இதே எழுத்தாளரின் 'துன்பக் கேணி' மகத்தானது. ஆனால் அறிமுகமே இல்லாத ஆறு பேர் முதல்முறை சந்திக்கும்போது அந்தத் துயரத்தை அவர்களால் சேர்ந்து சுமக்க முடியாது. அதை நான்காவது, ஐந்தாவது கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது காரணம் நடைமுறை சார்ந்தது. புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவர் 1948-ல் காலமானார். எனவே கதையை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுப்பதில் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. தொகுப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, குறிப்புகளை மட்டும் நகலெடுக்காமல் விட்டுவிடுங்கள். அவை அந்தப் பதிப்பாசிரியரின் உழைப்பு.

எல்லார் கையிலும் ஒரே பிரதி

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஒருவர் பழைய பதிப்பைக் கொண்டுவருவார், ஒருவர் புதிய தொகுப்பை, இன்னொருவர் போனில் இணையப் பிரதியை. "அந்த ஓட்டல் இடம் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் பக்கம் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். தேடி எடுப்பதற்குள் சொல்ல வந்தவருக்கு வேகம் போய்விடும். போனில் வாசிப்பவருக்கு நடுவில் ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான்.

நூலகத்திலோ கடையிலோ ஒரு நல்ல தொகுப்பை எடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, இரண்டிலும் தமிழ்ப் பிரிவில் புதுமைப்பித்தன் தொகுப்பு பார்க்கக் கிடைக்கும். இணையத்தில் எடுத்த பிரதியை அப்படியே அச்சடித்தால் எழுத்துப்பிழையும் விடுபட்ட வரியும் இருக்க வாய்ப்புண்டு. புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் ஒரு பிரதி எடுத்து, பென்சிலால் பத்திகளுக்கு ஓரத்தில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். உரையாடல் நிறைந்த கதை என்பதால் ஒவ்வொரு வரிக்கும் போட வேண்டாம், ஐந்தாறு வரிக்கு ஒன்று போதும். அந்தப் பிரதியை நகலெடுத்தால் எல்லார் கையிலும் எண் இருக்கும். "நாற்பத்திரண்டைப் பாருங்கள்" என்றால் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். ஒரு பிரதியின் செலவு ஒரு ஓட்டல் காபி, டிபனைத் தாண்டாது.

இத்துடன் ஒரு அரைப் பக்கத் துணைத்தாளும் வையுங்கள். ஆசிரியர் வரலாறு வேண்டாம். கதையில் இடறுகிற சில சொற்கள் மட்டும் போதும். ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதிதி என்றால் விருந்தாளி. ஜீவிய சந்தா என்றால் ஆயுள் சந்தா. சென்னையில் டிராம் 1953 வரை ஓடியது. கந்தசாமிப் பிள்ளை திருநெல்வேலிச் சீமைக்காரர், அவர் பேச்சில் அந்த ஊர் வாடை அடிக்கும். ஆங்கில வழியில் படித்து, தமிழ் நன்றாகப் பேசி, மெதுவாக வாசிக்கிறவர்கள் இந்த நகரத்தில் நிறைய. அவர்களைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவது இந்த அரைப் பக்கம்தான்.

யார், எப்போது

எட்டுப் பேரை அழையுங்கள், ஆறு பேர் வருவார்கள். ஆறு பேர் என்பது நல்ல அளவு. நான்குக்குக் கீழே போனால் இருவர் பேசி இருவர் கேட்பதாகிவிடும். எட்டுக்கு மேலே போனால் சோபாவின் இரண்டு முனையிலும் இரண்டு தனிப் பேச்சு ஓடும். எல்லாரும் ஒரே அலுவலகமாகவோ ஒரே குடும்பமாகவோ இருக்க வேண்டாம். மேல்மாடி மாமி, கல்லூரி நண்பர், வாக்கிங்கில் பழக்கமான ஓய்வுபெற்ற வங்கிக்காரர் என்று கலந்திருந்தால் ஏற்கெனவே உள்ள பேச்சு வழக்கங்கள் கதையை மூடிவிடாது. கணவன் மனைவி இருவரும் வந்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்திக்கொண்டே இருப்பார்.

ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு வரை நம் ஊருக்கு ஒத்துவரும். காலை வைத்தால் சமையல் பொறுப்பில் இருப்பவர்கள் பதினோரு மணிக்கு மேல் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தேதியைப் போடுவதற்கு முன் நாள்காட்டியில் முகூர்த்தத்தைப் பார்த்துவிடுங்கள். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த ஞாயிறு என்றால் பாதிப் பேர் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஞாயிறுகள் காலியாக இருக்கும். ஆனால் பக்கத்தில் அம்மன் கோயில் இருந்தால் கூழ் ஊற்றும் நாளில் ஒலிபெருக்கி இருக்கும், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் வைத்தால் அழைப்பிலேயே மாற்றுத் தேதியையும் சொல்லிவிடுவது நல்லது.

அழைப்பை இரண்டு வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். வரும் 14-ம் தேதி ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை எங்கள் வீட்டில் ஒரு சிறுகதையைச் சேர்ந்து வாசித்துப் பேசுகிறோம். கதை: புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. பிரதி நான் அனுப்புகிறேன். வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும். வாசிக்கும்போது காசு கைமாறும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள், அது மட்டும் வேலை. முடிக்காவிட்டாலும் வாருங்கள். வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த இடம் உண்டு. செக்யூரிட்டியிடம் மூன்றாம் மாடி என்று சொன்னால் போதும்."

இதில் முக்கியமானது அந்தப் பென்சில் வேலை. "வாசித்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னால் ஆட்கள் கதையை ஓட்டமாக ஓட்டிவிட்டு வருவார்கள். குறிப்பாக ஒன்றைத் தேடச் சொன்னால் கண் வரியில் நிற்கும். கூட்டத்துக்கு வரும்போது எல்லார் கையிலும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும். பேச்சுப் பழக்கம் இல்லாதவருக்கு இது பெரிய ஆறுதல். கருத்து சொல்ல வேண்டியதில்லை, தான் குறித்த இடத்தைக் காட்டினால் போதும்.

காபி கொடுப்பவர் கூட்டம் நடத்தக் கூடாது

வீட்டுக்காரர் ஒருவர், பேச்சை நடத்துகிறவர் வேறொருவர். இதை முதல் கூட்டத்திலேயே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முக்கியமான இடத்தில் வீட்டுக்காரர் பால் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து போவார். நம் வீடுகளில் யார் எழுந்து போவார் என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பெண் கதையை நன்றாக வாசித்துவிட்டு, கூட்டம் முழுக்க அடுக்களையில் நிற்பது நடக்கவே கூடாது.

ஆகவே சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்குச் சுமார் 60 கிராம் காபித்தூளில் மத்தியானமே டிகாஷன் இறக்கி வையுங்கள், முக்கால் லிட்டர் பால் போதும். கால் கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவு ஊறவைத்தால் சுண்டல் ஆயிற்று. காபியை வந்தவுடன் கொடுத்துவிடுங்கள். நான்கு மணிக்கு வரச் சொன்னால் நாலேகால், நாலரைக்கு வருகிறவர்களும் உண்டு, அந்த இடைவெளியைக் காபி நிரப்பும். சுண்டலைக் கடைசியில் வையுங்கள். நடுவில் தட்டு வந்தால் கையில் எண்ணெயும் தேங்காயும் ஒட்டும், தாளை யாரும் தொடமாட்டார்கள், பேச்சும் தாளை விட்டு விலகிவிடும். இந்தக் கதையிலும் ஓட்டல் காபி வருகிறது, அதில் கலந்த சிக்கரி பற்றிய பேச்சும் வருகிறது. உங்கள் தூளில் எவ்வளவு சிக்கரி என்ற கேள்வி எழாமல் இருக்காது.

உட்காரும் இடத்தை வட்டமாக்குங்கள். டிவிக்கு எதிரே வரிசையாகச் சோபா போட்டிருக்கும் அறையில் எல்லாரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். நாலு நாற்காலியைத் திருப்பிப் போட்டாலோ, முட்டி ஒத்துழைக்கிறவர்கள் பாயில் உட்கார்ந்தாலோ சரியாகிவிடும். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு அட்டையும் கிளிப்பும் கொடுங்கள்.

முதல் அரை மணி

எல்லாரும் வந்ததும் பெயரும், கதை நடக்கும் திருவல்லிக்கேணி, பிராட்வே பக்கம் தங்களுக்கு என்ன பழக்கம் என்பதும் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?" என்று கேட்காதீர்கள். நிறைய வாசித்தவர் பத்துப் பெயர் சொல்வார், குறைவாக வாசித்தவர் அந்த நிமிடமே சுருங்கிவிடுவார்.

அடுத்து, கதையின் தொடக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைக்கு ஒரு குரல், கடவுளுக்கு ஒரு குரல், இடையில் வரும் விவரிப்புக்கு ஒரு குரல் என்று மூவர். ஓட்டலில் பில் கொடுத்துவிட்டு வெளியே வருவது வரை வாசித்தால் போதும். வாசிக்காமல் வந்தவருக்குக் கதை கையில் வந்துவிடும். வாசித்து வந்தவருக்கும் காதில் விழும்போது வேறு விஷயம் தெரியும். கண்ணால் வாசித்தபோது நழுவிப்போன கிண்டல் வாயால் வாசிக்கும்போது பிடிபடும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால் பிள்ளையின் வேஷத்தை அவரிடம் கொடுங்கள்.

ஆசிரியர் அறிமுகத்தோடு தொடங்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். வரலாற்றை ஒருவர் சொல்லத் தொடங்கினால் அது பத்து நிமிடச் சொற்பொழிவாகும், மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள், பிறகு அவர்களைப் பேசவைப்பது மிகவும் சிரமம்.

கேள்விகள்

கூட்டம் நன்றாக அமைவதும் அமையாததும் கேள்விகளின் கையில்தான் இருக்கிறது. எனக்கு ஒரே அளவுகோல்தான்: கேள்வியைக் கேட்டதும் ஆட்கள் தாளைப் புரட்டுகிறார்களா, கூரையைப் பார்க்கிறார்களா? தாளைப் புரட்டவைப்பது நல்ல கேள்வி. "கதை பிடித்ததா?" என்றால் பிடித்தது என்பார்கள், முடிந்தது. "ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?" என்றால் எல்லாருக்கும் பள்ளித் தேர்வு ஞாபகம் வந்து, சரியான விடையைத் தேடத் தொடங்குவார்கள். இந்த இரண்டையும் வீட்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

ஐந்து கேள்வி தயார் செய்தால் போதும். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் கதைக்கு நான் வைத்துக்கொள்ளும் வரிசை இது.

முதல் கேள்வி எல்லாருக்கும் சுற்றாக வரும். "எந்த இடத்தில் சிரித்தீர்கள், அல்லது வாசிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தீர்கள்? அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டுங்கள்." காரணம் கேட்காதீர்கள். வாசித்தால் போதும். இந்தச் சுற்றில் எல்லார் குரலும் ஒருமுறை அறையில் கேட்டுவிடும். ஒருமுறை பேசியவர் இரண்டாம் முறை பேசுவது சுலபம். இரண்டு பேர் ஒரே வரியை எடுத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அங்கே திரும்பலாம்.

இரண்டாவது, அழைப்பில் சொன்ன பென்சில் வேலை. "காசு எங்கெங்கே கைமாறுகிறது?" தொடக்கத்தில் பிள்ளையின் சட்டைப்பைச் சில்லறை. ஓட்டலில் மூன்றணா பில்லுக்குக் கடவுள் நீட்டும் நூறு ரூபாய் நோட்டு. பிள்ளை நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடம் வாங்கும் ஆயுள் சந்தா. இவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தால், கதையில் யார் யாரை எப்படி அளக்கிறார்கள் என்பது தானாக மேலே வரும். இங்கே ஒரு துணைக்கேள்வி: "ஆயுள் சந்தா என்றதும் யாருடைய ஆயுள் என்று பேச்சு வருகிறதே, அந்தப் பதிலில் பிள்ளை நேர்மையாக இருக்கிறாரா?" கூட்டத்தில் வியாபாரம் செய்பவர் இருந்தால் இந்த இடத்தில் அவர் மற்றவர்களைவிடக் கூர்மையாகப் பேசுவார்.

மூன்றாவது கேள்விதான் கதையின் நடு முடிச்சு என்று நினைக்கிறேன். "கடவுளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக ஒப்புக்கொள்ளும் பிள்ளை, வரம் தருகிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார். ஏன்?" பயம் என்பார் ஒருவர். வரம் கொடுத்துவிட்டு அப்புறம் தலையைக் கேட்கும் பழைய புராணக் கதைகள் எல்லாம் பிள்ளைக்குத் தெரியும், உஷாராக இருக்கிறார் என்பார். தன்மானம் என்பார் இன்னொருவர். விருந்தாளியாக வா, எஜமானனாக வராதே என்கிறார் என்பார். இரண்டுக்கும் தாளில் ஆதாரம் இருக்கிறது. நடத்துகிறவர் இங்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது. "எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் பதினைந்து நிமிடம் தானாக ஓடும்.

நான்காவது, குழந்தை வள்ளி. என்ன கொண்டு வந்தாய் என்று அவள் கேட்கிறாள், என்னைத்தான் கொண்டு வந்தேன் என்கிறார் பிள்ளை. அவளுக்கு அது போதவில்லை, உனக்கு ஒரு தாத்தாவைக் கொண்டு வந்திருக்கிறேன் என்று கடவுளைக் காட்டுகிறார். "கதையில் கடவுள் யாரோடு நிம்மதியாக இருக்கிறார்?" என்று கேளுங்கள். குழந்தையோடுதான் என்று சட்டென்று பதில் வரும். அப்போது பெரிய மனிதர் ஒருவர் முன்னால் கடவுள் நாட்டியம் ஆடி, அது கலையே இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் இடத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். குழந்தை அவரைத் தாத்தாவாக ஏற்றுக்கொள்கிறாள், கலை தெரிந்தவர் ஏற்கவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? பாட்டு, நாட்டியம் கற்றவர்கள் இந்த ஊரில் எந்த வீட்டுக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார்கள். சபா, விமர்சகர், மேடை வாய்ப்பு பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஐந்து நிமிடம் விடுங்கள், பிறகு தாளுக்குத் திருப்புங்கள்.

ஐந்தாவது, கடைசிப் பகுதி. எட்ட நின்று வரம் கொடுக்கலாம், கூட இருந்து வாழ முடியாது என்ற பொருளில் சொல்லிவிட்டுக் கடவுள் போகிறார். பிள்ளையும் சுருக்கென்று ஒரு பதில் சொல்கிறார். "இந்த இடத்தில் யார் பக்கம் நிற்கிறீர்கள்?" கை தூக்கச் சொல்லுங்கள். பிரிந்து நிற்கும்போது இரு தரப்பிலும் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயத்தைக் காட்டுங்கள்: பிள்ளை தன் கணக்கில் சந்தாவை வரவு வைக்கும்போது கடவுள் என்று எழுதவில்லை. வீட்டில் சொல்லிவைத்த உறவுக்காரப் பெயரில், கைலாசபுரம் பரமசிவம் பிள்ளை என்று, 25 ரூபாய் வரவு எழுதுகிறார். ஏன்? நம்பவில்லையா? யாரும் நம்பமாட்டார்கள் என்பதாலா? அல்லது சொந்தக்காரராகவே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாரா? இந்தக் கேள்விக்கு முன்னால் தூக்கிய கைகளில் ஒன்றிரண்டு இதற்குப் பிறகு இறங்கிவிடுவதுண்டு.

பேச்சு தடம் மாறும் இடங்கள்

இந்தக் கதையை வைத்தால் ஒரு திசைமாற்றம் நிச்சயம் வரும்: கடவுள் உண்டா இல்லையா. பக்தியுள்ளவரும் பகுத்தறிவாளரும் ஒரே அறையில் இருப்பார்கள், இருவருக்கும் தங்கள் வாதம் மனப்பாடம். தொடங்கிவிட்டால் ஆறு மணி வரை அதுதான். "நாம் இந்தக் கதையில் வரும் கடவுளை மட்டும் பார்க்கலாம், அவர் ஓட்டலில் என்ன செய்கிறார்?" என்று எண்ணைச் சொல்லித் தாளுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் சிரித்த முகத்தோடு, முதல் நிமிடத்திலேயே செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் யாரோ ஒருவர் புண்பட்டிருப்பார்.

யாராவது மனம் புண்பட்டிருக்கிறார் என்பது எப்படித் தெரியும்? அவர் தாளை மடித்து மடியில் வைத்துவிடுவார். போனை எடுப்பார். அப்போது அவரிடம் கருத்துக் கேட்காதீர்கள், "அடுத்த பகுதியை நீங்கள் வாசியுங்கள்" என்று சொல்லுங்கள். வாசிக்கும் வேலை அவரை மீண்டும் உள்ளே கொண்டுவரும்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் மூத்தவர் என்பதால் நிறுத்தத் தயக்கமாக இருக்கும். "சார், நீங்கள் சொன்ன இடம் எத்தனையாவது எண்?" என்று கேளுங்கள். அவர் தேடும் நேரத்தில் வேறொருவரைப் பார்த்து, "நீங்கள் அதைக் குறித்திருந்தீர்களா அக்கா?" என்று திருப்பிவிடலாம். மரியாதையும் கெடாது, வழியும் திறக்கும்.

அமைதி விழுந்தால் பயப்படாதீர்கள். தாளைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தால் யோசிக்கிறார்கள், பத்து எண்ணும் வரை பொறுங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தால் கேள்வி புரியவில்லை. அதையே வேறு சொல்லில் கேட்காமல், ஒரு பத்தியை வாசித்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

ஆறு மணிக்கு முன்

பத்து நிமிடம் இருக்கும்போதே, பேச்சு சூடாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். ஆட்கள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அடுத்த தேதியைப் பேசினால் அது அமையாது. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நாள்காட்டியை எடுத்து ஒரு தேதியைக் குறியுங்கள். அடுத்த கூட்டத்தை இன்னொருவர் வீட்டில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒருவர் வீட்டிலேயே தொடர்ந்தால் அது அவருடைய கூட்டமாகவே இருந்துவிடும். கேள்வி தயாரிக்கும் பொறுப்பும் வேறொருவருக்குப் போகட்டும்.

இரண்டாவது கூட்டத்துக்கு இன்னும் ஒரு சிறுகதை எடுக்கலாம். குழுவுக்கு ஆர்வம் இருந்தால் சின்ன நாவலுக்குப் போகலாம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' அதற்குப் பொருத்தமானது. 1973-ல் வந்த சிறிய நாவல், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நடுவே ஜமுனா என்ற பெண்ணின் வாழ்க்கை. லாரிக்குக் குடத்தோடு நின்ற ஞாபகம் பலருக்கும் இருப்பதால் அங்கேயும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது நாட்டுடைமை நூல் இல்லை, ஜெராக்ஸ் போடக் கூடாது. ஆளுக்கொரு பிரதி வாங்கவோ நூலகத்தில் எடுக்கவோ நாள் வேண்டும் என்பதால் ஐந்தாறு வாரம் இடைவெளி விடுங்கள். ஜனவரிக்குப் பக்கம் என்றால் நந்தனம் புத்தகக் காட்சியில் எல்லாரும் ஒரே பதிப்பாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்றிரவே குழுவுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் அடுத்த தேதி, வீடு, புத்தகம், பதிப்பகம் ஆகியவையும், கூட்டத்தில் தீராமல் நின்ற ஒரு கேள்வியும் இருக்கட்டும். கந்தசாமிப் பிள்ளை ஏன் அந்தப் பெயரில் வரவு எழுதினார் என்பது பெரும்பாலும் தீராமல்தான் நிற்கும்.